மேலாளருக்கு ஒரு கடிதம்: கார் கடன் கேட்கும் ஆசிரியர் எதை எழுத வேண்டும்?

கார் வாங்கக் கடன் கேட்டு ஓர் ஆசிரியர் வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதுகிறார். ஆனால் கடன் தரலாமா என்ற முடிவை அந்த மேலாளரே எடுப்பது இன்று குறைந்துவிட்டது. பெரிய வங்கிகள் பலவற்றில் கிளையில் கொடுக்கும் விண்ணப்பம், பல கிளைகளுக்குப் பொதுவான கடன் பரிசீலனை மையத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் அதிகாரி அந்த ஆசிரியரைப் பார்த்ததே இல்லை. அவர் ஊரில் எவ்வளவு மதிக்கப்படுபவர், எத்தனை ஆண்டுகளாக அந்தக் கிளைக்கு வந்துபோகிறவர் என்பதெல்லாம் அதிகாரிக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பவை காகிதங்கள் மட்டுமே.

ஆனால் நம்மில் பலர் இன்னும் பழைய மேலாளரை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறோம். “குடும்பத்துடன் வெளியூர் செல்ல மிகவும் சிரமமாக உள்ளது; தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்று கடிதம் முடிகிறது. மரியாதையில் குறையில்லை. ஆனால் பரிசீலனை அதிகாரி தேடும் ஒரு தகவல்கூட அதில் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே கேள்விக்கு விடை: இந்தச் சம்பளத்திலிருந்து இந்தக் கடன் ஒழுங்காகத் திரும்பி வருமா?

அதற்குத்தான் அச்சடித்த விண்ணப்பப் படிவம் இருக்கிறதே, கடிதம் எதற்கு என்று கேட்கலாம். படிவம் எண்களைக் கேட்கும், விளக்கத்தைக் கேட்காது. சம்பளச் சீட்டில் ஏன் மாதம் 6,500 ரூபாய் பிடித்தம் ஆகிறது, கடன் அறிக்கையில் ஏன் இன்னொருவர் கடன் தெரிகிறது, பான் அட்டையில் பெயர் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பவற்றைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை. அந்த இடைவெளிகளை நிரப்புவதுதான் கடிதத்தின் வேலை. வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவருக்கு ஆசிரியர் முழு மதிப்பெண் தருவதில்லை, வங்கியும் அப்படித்தான்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்ளும் ஆசிரியை தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. வயது 44. வீட்டுக்கும் பள்ளிக்கும் 22 கிலோமீட்டர். சிறிய பெட்ரோல் கார் ஒன்று வாங்க நினைக்கிறார். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்றாலும், இப்படிப்பட்ட சம்பளச் சீட்டை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம்.

சம்பளச் சீட்டை வங்கி படிக்கும் விதம்

அவருடைய மொத்தச் சம்பளம் 81,000 ரூபாய். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு 7,700 ரூபாயும், மருத்துவக் காப்பீடு, குடும்ப நல நிதி போன்ற சிறு பிடித்தங்களாக 800 ரூபாயும் போகின்றன. ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு 6,500 ரூபாய் பிடிக்கிறார்கள். மாதக் கடைசியில் கணக்கில் வரவாவது 66,000 ரூபாய். அதிலிருந்து வீட்டுக் கடன் தவணையாக 14,000 ரூபாயை வங்கி எடுத்துக்கொள்கிறது.

கையில் வரும் 66,000 ரூபாயை வைத்து அவர் கணக்குப் போடுவார். வங்கி பொதுவாக வேறு விதமாகப் போடும். மொத்தச் சம்பளத்திலிருந்து கட்டாயப் பிடித்தங்களை மட்டும் முதலில் கழித்து 72,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். சங்கக் கடனும் வீட்டுக் கடனும் ஏற்கெனவே உள்ள கடன் சுமை. இரண்டும் சேர்ந்து 20,500 ரூபாய். இதோடு புதிய கார் தவணையும் சேர்ந்த பிறகு மொத்தச் சுமை வருமானத்தில் ஏறத்தாழ பாதியைத் தாண்டக் கூடாது என்பது பல வங்கிகள் வைத்திருக்கும் அளவு. சம்பளத்தைப் பொறுத்தும் வங்கியைப் பொறுத்தும் இந்த வரம்பு கொஞ்சம் கூடும், குறையும்.

72,500இல் பாதி 36,250. ஏற்கெனவே உள்ள 20,500ஐக் கழித்தால் புதிய தவணைக்கு 15,750 ரூபாய் வரை இடம் இருக்கிறது. 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுக் கடன் என்றால், இந்தத் தவணைக்கு ஏழரை லட்சம் வரை கிடைக்கக்கூடும். ஆனால் அது வங்கி தரக்கூடிய அதிகபட்சம். ஆசிரியைக்குத் தேவைப்படும் தொகை வேறு. கடிதத்தில் எழுத வேண்டியது தேவையான தொகையைத்தான்.

அதற்கு ஷோரூம் கொட்டேஷனைப் பார்க்க வேண்டும். காரின் ஷோரூம் விலை 5,60,000 ரூபாய். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள்கால வாகன வரி 13 விழுக்காடு என்பதால் அது 72,800 ரூபாய். காப்பீடு 28,000 ரூபாய், பதிவு உள்ளிட்ட மற்றச் செலவுகள் 7,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கார் சாலைக்கு வர 6,68,000 ரூபாய் ஆகிறது. ஆசிரியை 1,68,000 ரூபாயைச் சேமிப்பிலிருந்து போட்டு 5 லட்சம் கடன் கேட்கிறார். மொத்தச் செலவில் கால் பங்கு அவருடையது என்பது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். சீட் கவர், கூடுதல் வாரன்டி போன்றவை கொட்டேஷனில் சேர்ந்திருந்தால் வங்கி அவற்றைக் கழித்துவிட்டுத்தான் கடன் தொகையைக் கணக்கிடக்கூடும். ஆகவே அவை இல்லாத கொட்டேஷனைக் கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது, எத்தனை ஆண்டு என்பது. 9 விழுக்காட்டில் 5 லட்சத்தை 7 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை 8,045 ரூபாய். 5 ஆண்டுகளில் கட்டினால் 10,379 ரூபாய். மாதம் 2,300 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் மொத்த வட்டி சுமார் 1,75,700 ரூபாயிலிருந்து 1,22,800 ரூபாயாகக் குறைகிறது. ஏறத்தாழ 53,000 ரூபாய் மிச்சம். 5 ஆண்டுக் கணக்கில்கூட அவருடைய மொத்தக் கடன் சுமை 30,879 ரூபாய்தான். 72,500இல் அது 43 விழுக்காட்டுக்குள் அடங்குகிறது.

வங்கி போடாத ஒரு கணக்கை ஆசிரியை தானே போட்டுப் பார்க்க வேண்டும். தினமும் 44 கிலோமீட்டர், மாதம் 22 வேலை நாள் என்றால் 968 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 54 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 5,400 ரூபாய். அடுத்த ஆண்டுக் காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு மாதம் 2,500 ரூபாய் ஒதுக்க வேண்டும். வீட்டுக் கடன், கார் தவணை, இந்தச் செலவு எல்லாம் போக அவர் கையில் நிற்பது 33,700 ரூபாய். குடும்பம் இந்தத் தொகையில் நடக்கும் என்று உறுதியான பிறகே கடிதம் எழுத உட்கார வேண்டும்.

சந்தேகம் எழும் இடங்கள்

ஆசிரியர்களின் விண்ணப்பங்கள் தாமதமாவதற்கு வருமானக் குறைவைவிடச் சொல்லாமல் விட்ட விஷயங்கள் அதிகம் காரணமாகின்றன. முதலாவது சங்கக் கடன். ‘வேறு கடன் உண்டா?’ என்ற இடத்தில் பலர் வங்கிக் கடனை மட்டும் எழுதுகிறார்கள். சங்கக் கடன் சிபில் அறிக்கையில் தெரியாமல் போகலாம். ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தமாகத் தெளிவாக இருக்கும். படிவத்தில் இல்லாத கடன் சீட்டில் இருந்தால் அதிகாரி கோப்பை நிறுத்திவைத்து விளக்கம் கேட்பார். அதைவிட, இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று நாமே எழுதிவிட்டால் அது நமக்குச் சாதகமாகவும் மாறும். நம் ஆசிரியையின் சங்கக் கடன் 14 மாதங்களில் முடிகிறது. அதன் பிறகு மாதம் 6,500 ரூபாய் விடுபடும் என்பது வங்கிக்கு நல்ல செய்தி.

இரண்டாவது ஜாமீன். ஆசிரியர் அறையில் சக ஆசிரியரின் கடனுக்குக் கையெழுத்துப் போடுவது வழக்கம். வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றால் அது நம் கடன் அறிக்கையிலும் பதிவாகிறது. அவர் தவணை தவறினால் அந்தக் கறை நம் பெயரிலும் ஒட்டும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் சொந்தக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது அவசியம். இந்தியாவில் சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே நேரத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பித்து, அவை ஒவ்வொன்றும் அறிக்கையை எடுத்தால் குறையலாம்.

மூன்றாவது பெயர். பணிப்பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். பான் அட்டையில் அந்த இனிஷியல் தந்தையின் முழுப் பெயராக விரிந்து பின்னால் நிற்கும். ஷோரூம்காரர் கொட்டேஷனில் இனிஷியலையே விட்டிருப்பார். மூன்றும் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும். பரிசீலனை மையத்துக்குத் தெரியாது. கொட்டேஷனை ஆதாரில் உள்ளபடி திருத்தி வாங்கிவிட்டு, மிச்ச வேறுபாட்டைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

கடிதம்

இத்தனையும் சேகரித்த பிறகு ஆசிரியை எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

> அனுப்புநர்
> (பெயர்), பட்டதாரி ஆசிரியை (கணிதம்),
> அரசு மேல்நிலைப்பள்ளி, (ஊர்).
>
> பெறுநர்
> கிளை மேலாளர் அவர்கள்,
> (வங்கி, கிளை).
>
> பொருள்: புதிய கார் வாங்க ரூ.5,00,000 கடன் – 60 மாதத் தவணை – விண்ணப்பம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். மேற்கண்ட பள்ளியில் 2009 முதல் நிரந்தரப் பணியில் இருக்கிறேன். என் வயது 44; 60 வயதில் ஓய்வு பெறுவேன். என் சம்பளம் 11 ஆண்டுகளாகத் தங்கள் கிளையிலுள்ள கணக்கில் வரவாகிறது.
>
> என் வீட்டிலிருந்து பள்ளி 22 கி.மீ. தொலைவில் உள்ளது, இரண்டு பேருந்து மாறிச் செல்கிறேன். இப்பயணத்துக்காக, இணைத்துள்ள கொட்டேஷனில் கண்ட காரை வாங்க விரும்புகிறேன். மொத்தச் செலவு ரூ.6,68,000. இதில் ரூ.1,68,000ஐ நான் செலுத்துகிறேன். அத்தொகை என் சேமிப்புக் கணக்கில் உள்ளது. மீதி ரூ.5,00,000ஐக் கடனாக வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> என் மொத்தச் சம்பளம் ரூ.81,000. கட்டாயப் பிடித்தங்கள் ரூ.8,500 போக ரூ.72,500. தற்போது எனக்கு இரண்டு கடன்கள் உள்ளன: தங்கள் வங்கியில் வீட்டுக் கடன், மாதம் ரூ.14,000, ஆசிரியர் கூட்டுறவுச் சங்கக் கடன், மாதம் ரூ.6,500, இன்னும் 14 மாதங்களில் முடியும். கார் கடன் தவணை சுமார் ரூ.10,400 ஆனால், மூன்றும் சேர்ந்து ரூ.30,900 ஆகும்.
>
> சக ஆசிரியர் ஒருவரின் தனிநபர் கடனுக்கு 2021இல் ஜாமீன் கையெழுத்திட்டேன். அக்கடன் 2024இல் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கான சான்றை இணைத்துள்ளேன். பணிப்பதிவேட்டிலும் ஆதாரிலும் என் பெயர் இனிஷியலுடனும், பான் அட்டையில் தந்தை பெயர் முழுமையாகவும் உள்ளன. இரண்டும் என்னையே குறிக்கும் என உறுதியளிக்கிறேன்.
>
> சம்பளம் மாத இறுதியில் வருவதால் தவணை நாளை 5ஆம் தேதியாக வைக்க வேண்டுகிறேன். வட்டி விகிதம் நிலையானதா மாறக்கூடியதா, முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம், நாள், கைப்பேசி எண்)
>
> இணைப்பு: விண்ணப்பப் படிவம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு ஆண்டுப் படிவம் 16, ஆறு மாதக் கணக்கு அறிக்கை, ஆதார், பான் நகல், கொட்டேஷன், சங்கக் கடன் இருப்புச் சான்று, ஜாமீன் கடன் முடிவுச் சான்று.

இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காகிதம் இருக்கிறது. 11 ஆண்டு என்றால் கணக்கு அறிக்கையும் வங்கியின் பதிவும் அதைச் சொல்லும். 14 மாதம் என்றால் சங்கத்தின் சான்று சொல்லும். காகிதத்தில் காட்ட முடியாத எதையும், அது உண்மையாகவே இருந்தாலும், கடிதத்தில் எழுதிப் பயனில்லை. டியூஷன் வருமானம், கணவர் கொடுத்து உதவுவார் என்பதெல்லாம் இந்த வகை. கணவரின் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் அவர் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட வேண்டும்.

வயதைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. சம்பளக்காரருக்குத் தரும் கடன் ஓய்வுக்கு முன்பே முடிய வேண்டும் என்று வங்கிகள் பொதுவாகப் பார்க்கும். 57 வயது ஆசிரியர் ஒருவர் 7 ஆண்டுத் தவணை கேட்டால் சம்பளம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தக் கேள்வி எழும். அவர் 3 ஆண்டுத் தவணைக்குக் கணக்குப் போட்டுக் கேட்பதே பொருத்தம்.

கடிதத்தின் இரண்டாம் படியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடன் மறுக்கப்பட்டால் முக்கியக் காரணங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை. காரணம் எழுத்தில் கிடைத்தால்தான் அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி கேட்க முடியும். அரசு ஊழியர் என்ற முறையில் கார் வாங்குவதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் ஆசிரியைக்கு உண்டு. அதற்கான நடைமுறையைப் பள்ளி அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

வங்கியின் பதிலைப் படிப்பது

கடன் அனுமதியானதும் வங்கி தர வேண்டிய ஒரு தாள் இருக்கிறது. முக்கிய விவர அறிக்கை என்று அதற்குப் பெயர். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் இதைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு விழுக்காடு ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். கார் கடன் போன்ற நீண்ட காலக் கடனுக்கு, அதைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு.

அந்த ஒற்றை எண் எவ்வளவு முக்கியம் என்பது ஷோரூமில் தெரியும். “வங்கியில் 9 விழுக்காடு, நாங்கள் 6 விழுக்காட்டில் ஏற்பாடு செய்கிறோம்” என்று யாராவது சொன்னால், அது எந்தக் கணக்கில் என்று கேட்க வேண்டும். ஃபிளாட் வட்டி என்றால், நாம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 5 லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். 6 விழுக்காடு வீதம் 5 ஆண்டுக்கு வட்டி 1,50,000 ரூபாய். தவணை 10,833 ரூபாய். வங்கியின் 9 விழுக்காடு குறையும் இருப்பின் மீதான வட்டி. அதில் மொத்த வட்டி சுமார் 1,22,800 ரூபாய்தான். 6 என்று சொன்ன கடன் 9 என்று சொன்ன கடனைவிட 27,000 ரூபாய் அதிகம் வாங்குகிறது. உண்மையான ஆண்டு விகிதத்தில் பார்த்தால் அது 11 விழுக்காட்டை நெருங்குகிறது.

அறிக்கை வந்ததும் முத்திரை வாங்கிய கடிதப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட வேண்டும். கேட்டது 60 மாதம். தந்தது 84 மாதமா? கேட்டது 5 லட்சம். 5,14,000 என்று இருக்கிறதா? அப்படி இருந்தால், கடன் பாதுகாப்புக் காப்பீடு ஒன்றின் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருக்கக்கூடும். காரின் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஆனால் கடன் வாங்குபவர் பெயரில் எடுக்கும் இந்தக் காப்பீடு விருப்பத்தைப் பொறுத்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். வட்டி மாறக்கூடியது என்றால் தனிநபர் கார் கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. நிலையானது என்றால் வாங்கக்கூடும், எவ்வளவு என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். நம் ஆசிரியைக்கு இது வெறும் நுணுக்கம் அல்ல. 14 மாதத்தில் சங்கக் கடன் முடிந்ததும் அந்த 6,500 ரூபாயைக் கார் கடனில் கூடுதலாகக் கட்ட முடிந்தால், ஐந்தாண்டுக் கடன் மூன்றரை ஆண்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

கடன் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடன் நடக்கும் வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயரும் அடமானப் பதிவாக இருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அது தானாக நீங்கிவிடாது. வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து நீக்க வேண்டும். காப்பீட்டுப் பாலிசியிலும் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுவிட்டு, காரை விற்கும்போது சான்றைத் தேடி வங்கிக்கு அலைபவர்கள் நிறையப் பேர். கடன் கேட்டு எழுதியதுபோலவே, கடன் முடிந்த அன்று இந்த இரண்டு காகிதங்களையும் கேட்டு மேலாளருக்கு இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.